நிலுவையில் 1,955 வேலைகள்

பழைய தரவு மொத்தத்தையும் ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றிவிட்டார்கள். ஏற்றிய நிரல் ஒரு பிழைகூடச் சொல்லாமல் முடிந்தது. பொறியாளர் நிம்மதியாகத் தூங்கப் போனார். காலை ஒன்பது மணிக்கு வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகச் செயலியைத் திறக்க, சாதாரணமாகச் சில மில்லிசெகண்டில் வரும் பதில் இரண்டு மூன்று செகண்ட் எடுக்கிறது. சிலருக்குப் பதிலே வரவில்லை. சர்வர் எதுவும் விழவில்லை, நெட்வொர்க்கும் நன்றாகத்தான் இருக்கிறது. "நைட் லோட் முடிஞ்சதுதானே, இப்ப என்ன?" என்று மேலாளர் கேட்கிறார்.

கசாண்ட்ரா என்ற தரவுத்தளத்தை நடத்துகிறவர்களுக்கு இது பழகிய காலைதான். மேலாளரின் கேள்விக்கு உண்மையான பதில், லோட் இன்னும் முடியவில்லை என்பது. ஏற்றும் நிரல் தன் பங்கை முடித்துவிட்டது, தரவுத்தளம் தன் பங்கை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. அந்தப் பாக்கி எவ்வளவு என்று காட்டுவதற்கு ஓர் எண் உண்டு. அதைப் பார்ப்பது சுலபம். சரியாகப் படிப்பதுதான் கொஞ்சம் சிரமம்.

கசாண்ட்ரா ஃபேஸ்புக்கில் பிறந்தது. பயனர்கள் தங்கள் இன்பாக்ஸில் பழைய செய்திகளைத் தேடுவதற்காக அவினாஷ் லக்ஷ்மண், பிரசாந்த் மாலிக் இருவரும் எழுதியது. 2008ல் அதன் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பிறகு அது அப்பாச்சி அறக்கட்டளையின் கைக்குப் போனது. ஒரே பெரிய கணினியை நம்பாமல் பல சாதாரணக் கணினிகளில் தரவைப் பிரித்து வைப்பதும், ஒவ்வொரு துண்டையும் இரண்டு மூன்று இடங்களில் பிரதி எடுத்து வைப்பதும் அதன் வழி. அந்தக் கணினிகளில் ஒவ்வொன்றையும் நோட் என்கிறார்கள்.

எழுதுவதில் அது அசுர வேகம். அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் காலையில் வந்த தாமதத்தின் காரணமும் தெரிந்துவிடும். ஒரு பதிவு வந்ததும் நோட் அதை கமிட் லாக் என்ற கோப்பின் கடைசியில் ஒரு வரியாகச் சேர்க்கிறது. கூடவே மெமரியில் மெம்டேபிள் என்ற அட்டவணையிலும் வைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான், "வந்து சேர்ந்தது" என்று பதில் போய்விடும். இதே ஆளுடைய பழைய பதிவு டிஸ்கில் எங்கே இருக்கிறது, அதைத் தேடித் திருத்த வேண்டுமா என்றெல்லாம் அது அந்த நேரத்தில் யோசிப்பதில்லை. மெம்டேபிள் நிரம்பியதும் உள்ளே இருப்பதை வரிசைப்படுத்தி டிஸ்கில் ஒரு புதுக் கோப்பாக இறக்கிவிடும். அந்தக் கோப்புக்கு எஸ்எஸ்டேபிள் என்று பெயர். ஒருமுறை எழுதிய எஸ்எஸ்டேபிளை யாரும் தொடுவதில்லை. திருத்தம் வந்தால் அடுத்த கோப்பில் போகும். அழிப்புகூட, "இதை அழித்துவிட்டோம்" என்ற இன்னொரு பதிவாகத்தான் போய்ச் சேரும்.

பழைய மண்டிக் கடைக் கணக்கும் இப்படித்தான் நடக்கும். வியாபாரம் நடக்கும் நேரத்தில் வந்ததையெல்லாம் வந்த வரிசையில் சிட்டையில் எழுதிக்கொண்டே போவார்கள். கூட்டம் ஓய்ந்த பிறகு கணக்குப்பிள்ளை உட்கார்ந்து சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் ஆள்வாரியாகப் பதிவார். அவர் ஒரு வாரம் வராவிட்டாலும் வியாபாரம் நிற்காது. ஆனால் "என் பாக்கி எவ்வளவு?" என்று ஒருவர் வந்து கேட்டால், ஏழு நாள் சிட்டையையும் புரட்டியாக வேண்டும்.

கசாண்ட்ராவில் அந்தக் கணக்குப்பிள்ளை வேலைக்கு கம்பாக்ஷன் என்று பெயர். பின்னணியில் ஓடும் சில இழைகள் பல சிறு எஸ்எஸ்டேபிள்களைச் சேர்த்துப் படித்து, ஒரே ஆளுடைய பதிவுகளை ஒன்றுசேர்த்து, காலாவதியானவற்றை உதறிவிட்டு, ஒரு பெரிய கோப்பாக எழுதிவைக்கும். அதன் பிறகு பழைய கோப்புகளை நீக்கும். கம்பாக்ஷன் பின்தங்கினால் எழுதுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது, படிக்கிறவர்களுக்குத்தான் வலிக்கும். ராத்திரி லோட் ஒரு பிழையும் இல்லாமல் முடிந்ததும், காலையில் வாடிக்கையாளர்கள் காத்துக் கிடந்ததும் இதனால்தான்.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மின் விநியோக நிறுவனம் தன் மீட்டர்களின் மூன்று வருட ரீடிங்கை ஆறு நோட்கள் கொண்ட கசாண்ட்ராவில் ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். தரவு 600 ஜிபி. மூன்று பிரதி என்பதால் மொத்தம் 1,800 ஜிபி ஆகிறது, நோட் ஒன்றுக்கு 300 ஜிபி. லோட் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதாவது ஒவ்வொரு நோட்டுக்குள்ளும் செகண்டுக்கு ஏறக்குறைய 28 எம்பி வந்து இறங்கியிருக்கிறது. மெம்டேபிள் ஒவ்வொரு முறையும் 100 எம்பி கோப்பாக இறங்கியது என்று எடுத்துக்கொண்டால், மூன்று மணி நேரத்தில் மூவாயிரத்துச் சொச்சம் கோப்புகள் உருவாகியிருக்கும்.

கம்பாக்ஷனுக்கு ஒரு கடிவாளம் உண்டு. அது டிஸ்க் முழுவதையும் தானே பிடித்துக்கொண்டு, படிக்கிறவர்களுக்கு இடமில்லாமல் செய்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. கசாண்ட்ரா 3.11 பதிப்பில் யாரும் மாற்றாவிட்டால் அந்த அளவு செகண்டுக்கு 16 எம்பி. 4.0 பதிப்பிலிருந்து அதை 64 ஆக உயர்த்தினார்கள். பழைய அமைப்புக் கோப்பை அப்படியே புதுப் பதிப்புக்கு எடுத்துக்கொண்டு போனவர்களிடம் இன்னும் 16தான் ஓடிக்கொண்டிருக்கும். இந்த அளவு ஓர் இழைக்கு என்று நினைக்கிறவர்கள் பலர். நோட்டில் எத்தனை இழை ஓடினாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்த 16.

வரவு 28, பதிவது 16. மூன்று மணி நேரத்தில் கம்பாக்ஷன் அதிகபட்சம் 170 ஜிபி வரைதான் ஒருமுறை படித்துச் சேர்த்திருக்க முடியும். அப்படிச் சேர்த்தவை மூன்று ஜிபி அளவில் ஐம்பதுக்கு மேற்பட்ட கோப்புகளாகியிருக்கும். மீதி 130 ஜிபி இன்னும் 100 எம்பி துண்டுகளாகவே கிடக்கும். லோட் முடிந்த நிமிடத்தில் ஒரு நோட்டில் ஏறக்குறைய 1,400 கோப்புகள்.

இப்போது பொறியாளர் அந்த நோட்டில் இந்தக் கட்டளையை அடிக்கிறார். திரையில் வருவது ஏறக்குறைய இப்படி இருக்கும் (அடையாள எண் நெடுவரிசையை மட்டும் எடுத்துவிட்டேன்):

```
$ nodetool compactionstats -H
pending tasks: 1955
- meter.readings: 1955

compaction type  keyspace  table     completed  total    unit   progress
Compaction       meter     readings  1.2 GiB    3.1 GiB  bytes  38.71%
Compaction       meter     readings  0.6 GiB    3.1 GiB  bytes  19.35%
Active compaction remaining time :   0h04m41s
```

முதல் வரியில் 1,955 வேலை நிலுவை. கடைசி வரியில் இன்னும் நாலு நிமிடம் 41 செகண்ட். அனுபவம் இல்லாதவர் கண் கடைசி வரிக்குத்தான் போகும். "அண்ணா, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்" என்று சொல்லியும் விடுவார். அந்த வரி சொல்வது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு வேலைகளைப் பற்றி மட்டும். ஒன்றில் 1.9 ஜிபி பாக்கி, மற்றதில் 2.5. மொத்தம் 4.4 ஜிபியை 16 எம்பியால் வகுத்தால் அந்த நாலு நிமிடம் 41 செகண்ட் வந்துவிடும். வரிசையில் இன்னும் ஆரம்பிக்காமல் காத்திருப்பவை அந்தக் கணக்கிலேயே இல்லை. 300 ஜிபியையும் ஒரே ஒரு சுற்று படித்து எழுத இந்த வேகத்தில் 5 மணி 20 நிமிடம் ஆகும். ஒரு சுற்றோடு வேலை முடிவதும் இல்லை.

அப்படியென்றால் 1,955 என்ற எண்ணையாவது நம்பலாமா? அதுவும் எங்கோ ஒரு வரிசையில் எண்ணி வைத்த வேலைகள் அல்ல, ஒரு மதிப்பீடு. அந்த மதிப்பீட்டைப் போடும் விதம், அட்டவணைக்கு எந்தக் கம்பாக்ஷன் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

பரவலாகப் புழங்கும் முறைகளில் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று அளவுவாரி முறை, அமைப்பில் `SizeTieredCompactionStrategy` என்று எழுதுவது. ஏறக்குறைய ஒரே அளவுள்ள கோப்புகள் நான்கு சேர்ந்தால் ஒன்றாக்கும், ஒரு தடவையில் 32 வரை எடுத்துக்கொள்ளும். இன்னொன்று அடுக்கு முறை, `LeveledCompactionStrategy`. இதில் புதிதாக வரும் கோப்புகள் எல்லாம் L0 என்ற வாசல் அடுக்கில் விழும். அங்கிருந்து 160 எம்பி துண்டுகளாக வெட்டி L1, L2, L3 என்று மேலே அனுப்பும். L1ல் பத்து துண்டு, அடுத்ததில் நூறு, அதற்கடுத்ததில் ஆயிரம் என்று ஒவ்வோர் அடுக்கும் முந்தையதைப் போல் பத்து மடங்கு கொள்ளும். L1லிருந்து மேலே, ஓர் அடுக்குக்குள் ஒரே மீட்டரின் பதிவு இரண்டு கோப்பில் இருக்காது என்பது இதன் உத்தரவாதம். அதனால்தான் படிப்பு அதிகமாக உள்ள இடங்களில் இதை விரும்புகிறார்கள்.

அளவுவாரி முறை நிலுவையை எண்ணும்போது ஒரே அளவுள்ள கோப்புக் குவியலை 32ஆல் வகுக்கிறது. நம் கணக்கில் 100 எம்பி கோப்புகள் 1,340 இருந்தால் 42 வேலை. மூன்று ஜிபி கோப்புகளுக்கு இன்னும் இரண்டு. மொத்தம் 44. அடுக்கு முறையோ, அடுக்கில் கொள்ளளவுக்கு மேல் எத்தனை பைட் இருக்கிறது என்று பார்த்து அதை 160 எம்பியால் வகுக்கிறது. L0வில் கிடக்கும் 300 ஜிபிக்கு அது மட்டுமே 1,900ஐத் தாண்டும். அதோடு L0 கோப்புகளின் எண்ணிக்கைக்காக இன்னும் ஒரு நாற்பதைக் கூட்டிக்கொள்ளும்.

தரவு ஒன்றுதான், டிஸ்க் ஒன்றுதான், தேக்கமும் ஒன்றுதான். ஆனால் ஒருவர் திரையில் 44, இன்னொருவர் திரையில் 1,955. "நிலுவை நூறைத் தாண்டினால் அலாரம் அடி" என்று எல்லா அட்டவணைக்கும் பொதுவாக ஒரு வரம்பு வைக்கிறவர்களை நான் நம்புவதில்லை. அளவுவாரி அட்டவணை நூறுக்குள் இருந்துகொண்டே மூச்சுத் திணறும். அடுக்கு அட்டவணை ஓர் அற்பமான ஏற்றத்துக்கே நூறைத் தொட்டுவிட்டு அரை மணியில் இறங்கிவிடும். அதிலும் அளவுவாரி முறையில் கடைசியில் மிஞ்சும் "நிலுவை 2" என்பதுதான் பெரிய பொய். அந்த இரண்டில் ஒன்று, ஐம்பது ஜிபி கோப்புகள் நான்கைச் சேர்க்கும் வேலையாக இருக்கலாம்.

அந்த எண் எவ்வளவு என்பதைவிட எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் உபயோகமான தகவல். கால் மணிக்கு ஒருமுறை குறித்துக்கொண்டு, சாதாரண நாளில் அந்த நோட் காட்டும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். லோட் ஓடும்போது ஏறுவது இயல்பு. லோட் நின்ற பிறகும் ஏறினால், அன்றாட வரவுக்கே கம்பாக்ஷன் ஈடுகொடுக்கவில்லை என்று பொருள். அது வேறு வியாதி. மெதுவாக இறங்கினால் காத்திருக்கலாம். அசையாமல் நின்றால்?

இங்கேதான் அடுக்கு முறையின் ஒரு குணம் ஆட்களைப் பயமுறுத்தும். L0விலிருந்து ஒரு தொகுதி L1க்குப் போனதும் L1 நிரம்பி வழியும். அது L2க்கு இறங்கினால் L2 வழியும். வாசலில் குறைந்த வேலை உள்ளே வேறு அடுக்கில் முளைக்கிறது. அதனால் எண் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும். நகர்வு இருக்கிறதா என்று பார்க்க `nodetool tablestats` தரும் ஒரு வரி போதும். லோட் முடிந்த கையோடு பார்த்தால்:

```
SSTables in each level: [1393/4, 0, 0, 0, 0, 0, 0, 0, 0]
```

பல மணி நேரம் கழித்துப் பார்த்தால்:

```
SSTables in each level: [212/4, 10, 131/100, 640, 0, 0, 0, 0, 0]
```

சாய்கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது உள்ள எண்ணிக்கை, வலப்பக்கம் இருப்பது இருக்க வேண்டிய அளவு. சாய்கோடு இல்லாத அடுக்கு நிதானத்தில் இருக்கிறது. இரண்டாவது வரியில் வாசலில் இன்னும் 212 கோப்பு இருந்தாலும் மூன்றாம் அடுக்குக்கு 640 துண்டுகள், அதாவது நூறு ஜிபி, போய்ச் சேர்ந்துவிட்டது. வேலை நடக்கிறது.

படிப்பவருக்கு இதனால் என்ன நஷ்டம் என்பதையும் ஓர் எண்ணோடு பார்த்துவிடலாம். ஒவ்வொரு எஸ்எஸ்டேபிளுக்கும் ப்ளூம் ஃபில்டர் என்ற சிறு சுருக்கக் குறிப்பு மெமரியில் இருக்கும். இந்த மீட்டர் இந்தக் கோப்பில் நிச்சயமாக இல்லை, அல்லது இருக்கலாம் என்று அது சொல்லும். இல்லை என்றால் அந்தக் கோப்பைத் தொட வேண்டாம். "இருக்கலாம்" என்பது சில சமயம் தவறாகப் போகும். அடுக்கு முறையில் அந்தத் தவறு பத்துக்கு ஒன்று வரை போகலாம் என்று இயல்பாகவே விட்டிருக்கிறார்கள். அடுக்குகள் ஒழுங்காக இருக்கும்போது ஒரு மீட்டருக்கு அடுக்குக்கு ஒரு கோப்புதான் பார்க்க வேண்டியிருக்கும், அதனால் தவறு போனாலும் பாதகமில்லை என்பது அந்தக் கணக்கு. வாசலில் 1,393 கோப்புகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் காலையில் அதே பத்துக்கு ஒன்று என்ன ஆகும்? ஒரு கேள்விக்கு நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட கோப்புகளை வீணாகத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். இப்படி ஆயிரக்கணக்கான கேள்விகள், அதே டிஸ்கில், அதே நேரத்தில் கம்பாக்ஷனும் படித்து எழுதிக்கொண்டிருக்கிறது.

இதைவிட மோசமான நிலையும் உண்டு. அது தரவை எந்த வரிசையில் ஏற்றினார்கள் என்பதைப் பொறுத்தது. நம் நிறுவனம் மூன்று வருட ரீடிங்கைத் தேதி வரிசையில் ஏற்றியிருந்தால், ஒவ்வொரு 100 எம்பி கோப்பிலும் ஊரில் உள்ள எல்லா மீட்டரும் இருக்கும். அப்போது ப்ளூம் ஃபில்டர் எல்லாக் கோப்புக்கும் "இருக்கலாம்" என்று சொல்லும், அது உண்மையாகவும் இருக்கும். ஒரு மாதத்து ரீடிங் மட்டும் கேட்டால் தப்பிக்கலாம். ஒவ்வொரு கோப்பும் எந்தத் தேதியிலிருந்து எதுவரை வைத்திருக்கிறது என்ற குறிப்பைப் பார்த்து கசாண்ட்ரா மற்றவற்றை விட்டுவிடும். முழு வரலாற்றையும் கேட்டால் எல்லாவற்றையும் திறந்துதான் ஆக வேண்டும். அதே தரவை மீட்டர் வாரியாக வரிசைப்படுத்தி, ஒரு மீட்டரை முடித்துவிட்டு அடுத்தது என்று ஏற்றியிருந்தால், ஒவ்வொரு மீட்டரும் ஒன்றிரண்டு கோப்புக்குள் அடங்கியிருக்கும். ஏற்றுவதற்கு முன் வரிசைப்படுத்த ஆகும் சில மணி நேரத்தைச் சோம்பல்பட்டுத் தவிர்க்கிறவர்கள்தான் அதிகம்.

இந்த வேதனையை நேரடியாக அளக்க `nodetool tablehistograms meter readings` என்ற கட்டளை இருக்கிறது. ஒரு படிப்புக்கு எத்தனை எஸ்எஸ்டேபிள் தொட்டது என்று அதில் ஒரு நெடுவரிசை வரும். அடுக்கு முறை அட்டவணையில் அது ஒன்று, இரண்டு என்றிருக்க வேண்டும். பாதிக்கு மேற்பட்ட கேள்விகளில் அது இரண்டு இலக்கமாக இருந்தால், தாமதத்துக்குக் காரணம் தேக்கம்தான் என்று துணிந்து சொல்லலாம். நிலுவை எண் அதிகமாக இருந்தும் இது சின்ன எண்ணாகவே இருந்தால், காரணத்தை வேறெங்காவது தேட வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பதற்றத்தில் எல்லோர் கையும் போவது அங்கேதான். நோட்டை மறுபடி தொடங்குவது. பாதியில் நிற்கும் கம்பாக்ஷன் தொண்ணூறு சதவீதம் முடிந்திருந்தாலும் அந்தப் பாதிக் கோப்பு குப்பைக்குப் போகும். மீண்டு வந்ததும் அதே வேலையை முதலிலிருந்து ஆரம்பிக்கும். அரை மணி நேரம் பிடித்த வேலையை மூன்று முறை இப்படிக் கொன்றுவிட்டு, எண் இறங்கவே இல்லை என்று வியப்பவர்கள் உண்டு. அடுத்தது, அளவுவாரி அட்டவணையில் `nodetool compact` என்று அடித்து எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கிவிடுவது. அந்த வேலை ஓடும்போது பழையதும் புதியதும் சேர்த்து இரண்டு மடங்கு இடம் கேட்கும். முடிந்த பிறகு ஒரு 300 ஜிபி பூதம் மிஞ்சும். அதன் அளவுக்கு ஜோடியாக வேறு கோப்பு இல்லாததால் அது அடுத்து எப்போது சேர்க்கப்படும் என்று சொல்ல முடியாது. அதற்குள் இருக்கும் அழிக்கப்பட்ட பதிவுகளும் அப்படியே கிடக்கும்.

செய்ய வேண்டியது கடிவாளத்தைத் தளர்த்துவது:

```
nodetool getcompactionthroughput
nodetool setcompactionthroughput 64
```

இது ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கும் உடனே பொருந்தும், எதையும் நிறுத்த வேண்டாம். 64 என்றால் 300 ஜிபியின் ஒரு சுற்று 5 மணி 20 நிமிடத்திலிருந்து 1 மணி 20 நிமிடமாகிறது. பூஜ்யம் கொடுத்தால் வரம்பே இல்லை. எஸ்எஸ்டி டிஸ்கில் ராத்திரி நேரத்தில் அதைச் செய்யலாம். சுழலும் டிஸ்கில், வாடிக்கையாளர் இருக்கும் நேரத்தில் செய்தால் படிப்பு இன்னும் சாகும். `iostat -x` கட்டளையில் டிஸ்க் காத்திருப்பு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே படிப்படியாக ஏற்றுவதுதான் முறை.

இழைகளின் எண்ணிக்கையை `nodetool setconcurrentcompactors` வைத்துக் கூட்டலாம். கடிவாளத்தை விடாமல் இதை மட்டும் கூட்டினால் அதே 16 எம்பியை நாலு பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள், ஒரு பலனும் இருக்காது. அடுக்கு முறையில் இன்னொரு தடங்கலும் உண்டு. வாசலிலிருந்து L1க்கு ஏற்றும்போது L1ன் எல்லாத் துண்டுகளும் அந்த வேலையில் மாட்டிக்கொள்ளும். அதனால் அந்த வேலை ஒரு நேரத்தில் ஒன்றுதான் நடக்கும். எட்டு இழை கொடுத்தாலும் அந்தக் குறுகிய வாசலில் ஒருவர்தான் நுழைவார், மீதிப் பேர் மேல் அடுக்குகளில் வேலை இருந்தால்தான் அசைவார்கள். எட்டு கோர் உள்ள கணினியில் ஏழு சும்மா இருக்க ஒன்று மட்டும் நூறு சதவீதத்தில் நிற்பதைப் பார்த்தால் இதுதான் காரணம்.

நிலுவை ஏறுகிறது, ஆனால் கீழே ஓடும் வேலை ஒன்றுமே இல்லை என்றால் வேறு விஷயம். லோடுக்கு முன்னால் யாரோ `nodetool disableautocompaction` அடித்துவிட்டு, முடிந்த பிறகு திரும்ப இயக்க மறந்திருக்கலாம். லோட் ஓடும்போது கம்பாக்ஷனை நிறுத்திவைப்பது தவறான தந்திரம் அல்ல. ஏற்றும் வேகம் கூடும், சிறு கோப்புகளைத் திரும்பத் திரும்பச் சேர்க்கும் வீண் வேலை குறையும். ஆனால் அந்த நேரத்தில் அந்த அட்டவணையை யாரும் படிக்கக் கூடாது. பிறகு மொத்தமாகச் சேர்க்கத் தனியாக நேரமும் வேண்டும்.

தேக்கத்தோடு பெரிய அளவில் மல்லுக்கட்டியவர்களில் டிஸ்கார்ட் அரட்டைச் சேவையும் ஒன்று. 2022 ஆரம்பத்தில் 177 கசாண்ட்ரா நோட்களில் அவர்கள் செய்திகளை வைத்திருந்தார்கள். அங்கே காரணம் மொத்த லோட் அல்ல, அன்றாடப் போக்குவரத்தே போதுமானதாக இருந்தது. கம்பாக்ஷன் அடிக்கடி பின்தங்கியது. ஒரு நோட்டைக் கூட்டத்திலிருந்து விலக்கி, யாரும் கேள்வி கேட்காத நேரத்தில் அதைக் கம்பாக்ஷன் செய்யவிட்டு, பிறகு உள்ளே கொண்டுவந்து, இடைப்பட்ட நேரத்தில் தவறவிட்ட எழுத்துகளைப் பக்கத்து நோட்கள் எடுத்துவைத்திருந்த குறிப்பிலிருந்து வாங்கிக்கொள்ளச் செய்து, தேக்கம் தீரும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். அதற்கு "காஸிப் டான்ஸ்" என்று பெயர்கூட வைத்திருந்தார்கள். 2023ல் அவர்களே எழுதி வெளியிட்ட கதை இது. அதற்குள் வேறு தரவுத்தளத்துக்கு மாறியும் விட்டிருந்தார்கள்.

நம்மூர்ப் பொறியாளர் இந்த வித்தையைச் செய்யும் முன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். `nodetool disablebinary` அடித்தால் வாடிக்கையாளர் நேராக அந்த நோட்டிடம் வருவது மட்டும்தான் நிற்கும். பிரதி வைத்திருக்கும் நோட் என்ற முறையில் மற்ற நோட்கள் அதனிடம் கேட்பது தொடரும். அதையும் நிறுத்த `nodetool disablegossip` வேண்டும். அப்போது மற்றவர்கள் அதை விழுந்துவிட்டதாகவே எண்ணிக்கொள்வார்கள். அப்படி விழுந்த நோட்டுக்காக மற்றவை குறிப்பு எடுத்துவைப்பது, மாற்றாவிட்டால், மூன்று மணி நேரம்தான். அதற்கு மேல் விலக்கி வைத்தால் தவறவிட்டவை தவறவிட்டவையே. ரிப்பேர் ஓட்டித்தான் சரிசெய்ய வேண்டும், ரிப்பேரோ புதுக் கோப்புகளைக் கொண்டுவந்து அதே கம்பாக்ஷன் தலையில் போடும். மேலும், நம் கணக்கில் ஆறு நோட்டும் சேர்ந்து லோட் வாங்கியிருக்கின்றன. ஒன்றை விலக்கினால் அதன் பாரம் ஏற்கெனவே தவிக்கும் ஐந்தின் மேல் விழும். ஒரே ஒரு நோட் பின்தங்கியிருக்கும்போது பலிக்கும் வைத்தியம் இது.

அடுத்த முறை லோட் போடும்போது ஏற்றும் வேகத்தை கம்பாக்ஷன் வேகத்துக்குக் கட்டுப்படுத்துவதுதான் மலிவான வழி. `sstableloader` கருவியில் வேகக் கட்டுப்பாட்டுக்கு `--throttle` இருக்கிறது, அதன் அலகு மெகாபைட் அல்ல மெகாபிட் என்பதைக் கவனிக்காமல் எட்டு மடங்கு ஏமாந்தவர்கள் உண்டு. சொந்தமாக எழுதிய நிரல் என்றால், கால் மணிக்கு ஒருமுறை நிலுவை எண்ணைப் பார்த்து, சாதாரண நாளின் அளவைப் போல் சில மடங்கு தாண்டியதும் தானே நின்று, இறங்கியதும் தொடரும்படி எழுதிக்கொள்ளலாம். மூன்று மணி நேர லோட் அப்போது ஒரு நாள் முழுக்க ஓடும், காலையில் யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

தேக்கம் தீர்ந்ததும் கடிவாளத்தைப் பழைய அளவுக்குத் திருப்ப வேண்டும். `setcompactionthroughput` கொடுத்தது அந்த நோட்டின் மெமரியில் மட்டும் இருக்கும், மறுதொடக்கத்தில் அமைப்புக் கோப்பில் உள்ள எண் திரும்ப வந்துவிடும். ஆறு நோட்டில் நாலு மட்டும் இடையில் மறுதொடக்கம் கண்டிருந்தால், நாலில் 16ம் இரண்டில் 64ம் ஓடும். சில மாதம் கழித்து அந்த இரண்டு மட்டும் ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கின்றன என்று ஒருவர் மண்டையை உடைத்துக்கொள்வார். ஆறிலும் `nodetool getcompactionthroughput` அடித்துப் பார்த்துவிட்டால் ஒரு நிமிட வேலை.